மணி அடித்தால்தான் அச்சு

ஃப்ளோரா சிம் வாங்குவதை சோப்பு வாங்குவது போல நினைத்திருந்தாள். காசைக் கொடுத்தால் கையில் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்து போனில் போட்டால் வேலை முடிந்தது. அதனால்தான் வெள்ளிக்கிழமை வரை தள்ளிப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சபையின் கிறிஸ்மஸ் மலர் அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கத்தில் சிறு விளம்பரங்கள் வரும். அவள் கொடுத்திருந்தது நான்கு வரி: கல்கல், ரோஸ் குக்கி, பிளம் கேக், வீட்டுத் தயாரிப்பு, ஃப்ளோரா, ஊரிகம். ஐந்தாவது வரியில் தொலைபேசி எண் வரவேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது.

போன வருடம் அங்கே கணவன் லாய்டின் எண் இருந்தது. லாய்ட் காலை ரயிலில் பெங்களூர் போய்விடுவான். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. கேக் கேட்டு அழைத்தவர்களிடம் சரி சரி என்று சொல்லிவிட்டு, இரவு வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவான். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி ஒரு குடும்பமே வாசலில் வந்து நின்றது. இரண்டு கிலோ கேக் கேட்டு பத்து நாள் ஆகிறது என்றார்கள். ஃப்ளோராவுக்கு அப்போதுதான் தெரியும். இந்த வருடம் தன் எண்தான் என்று அன்றே முடிவு செய்திருந்தாள். லாய்டின் பழைய போன் பீரோவில் இருந்தது. சிம் மட்டும்தான் இல்லை.

மலரைத் தொகுக்கிறவர் ஜெயகரன். ராபர்ட்சன்பேட்டையில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தானே அடித்துப் பார்ப்பார். மணி அடித்தால்தான் அச்சு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தையல்காரம்மாவின் எண்ணில் ஓர் இலக்கம் தப்பாகிவிட்டது. கோலாரில் யாரோ ஒரு வக்கீல் கிறிஸ்மஸ் முடியும்வரை, அழைத்தவர்கள் சொன்ன ஜாக்கெட் அளவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து இந்த வழக்கம். யாருக்காகவும் மாற்ற மாட்டார்.

ஃப்ளோரா மதியம் ஒன்றரை மணிக்கு விநாயக்கின் கடைக்கு வந்தாள். அச்சகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, செல்போன் கவர்கள் தோரணமாகத் தொங்கும் சின்னக் கடை. விநாயக்குக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மூன்று சிம் உறைகளை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் இருந்தது. நினைவில் நிற்கும் என்று தோன்றிய ஒன்றை ஃப்ளோரா எடுத்தாள். பர்ஸைத் திறந்தாள்.

“காசு அப்புறம் அக்கா. ஆதார் கொடுங்க.”

அவள் ஜெராக்ஸைக் கொடுத்தாள். ஒரிஜினல் வேண்டும் என்றான். நல்லவேளை, அதுவும் பையில் இருந்தது.

முதலில் விரல் ரேகை. சிறிய கருவி ஒன்றில் விரலை வைக்கச் சொன்னான். அது சரியாக விழுந்தால் ஆதாரிலிருந்து பெயரும் முகவரியும் தானே வந்துவிடும், சீக்கிரம் முடியும் என்றான். வலது கை ஆள்காட்டி விரலை வைத்தாள். பொருந்தவில்லை. நடுவிரல். பொருந்தவில்லை. விநாயக் ஈரத் துணி கொடுத்தான். துடைத்து இடது கையை வைத்தாள். அதுவும் இல்லை. பதினைந்து வருடமாகக் கொதிக்கிற எண்ணெயில் ரோஸ் குக்கி அச்சை முக்கி எடுக்கிற விரல்கள். தினமும் மாவு பிசைந்து, முள்கரண்டியின் முதுகில் கல்கல் உருட்டுகிற விரல்கள். ரேகை இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அவளே அன்றுதான் அதைக் கவனித்தாள்.

பரவாயில்லை, போட்டோ முறையில் செய்யலாம் என்றான் விநாயக். ஆதாரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் செயலிக்குள்ளிருந்தே படம் எடுத்தான். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நிரப்பினான். பிறகு அவளைச் சுவரோரம் நிற்கச் சொன்னான். ஏற்கெனவே உள்ள படம் ஆகாது, ஆள் நேரில் நிற்கும்போதே எடுக்க வேண்டும், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எடுத்தது என்பதும் படத்திலேயே பதிவாகும் என்று விளக்கினான்.

முதல் படத்தைச் செயலி ஏற்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முகம் தெரிகிறது என்றது. கடையில் அவர்கள் இருவரைத் தவிர ஒரு பெண்தான் இருந்தாள், அவளும் கதவுப் பக்கம் நின்றாள். விநாயக் திரும்பிப் பார்த்தான். ஃப்ளோராவின் தோளுக்கு மேலே நகைக்கடைக் காலண்டர். அதில் கம்மல் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். காலண்டரைத் திருப்பி மாட்டினான்.

அடுத்த படத்தில் கண் சிமிட்டச் சொன்னது. ஃப்ளோரா சிமிட்டவில்லை. ஸ்டூடியோவில் கண் சிமிட்டினால் திட்டு விழும் என்று பழகிய உடம்பு விறைத்து நின்றது.

“சிமிட்டுங்க அக்கா. உயிரோட கீறீங்கன்னு அதுக்குத் தெரியணும்.”

கதவருகே இருந்த பெண் சிரித்தாள். ஃப்ளோராவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கண் தானாகச் சிமிட்டியது. படம் விழுந்தது.

அப்போது மணி இரண்டு. இன்னும் ஒரே ஒரு படிதான் என்றான் விநாயக். மாற்று எண் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு ஓடிபி வரும். விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதிலாக அந்த ஓடிபிதான். கடைக்காரன் எண்ணைப் போடக்கூடாது, தெரிந்தவர்கள் அல்லது வீட்டுக்காரர்கள் எண்ணாக இருக்க வேண்டும்.

ஃப்ளோராவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். சொன்னாள். விநாயக் அனுப்பினான். லாய்டின் போனுக்கு ஓடிபி போயிற்று. பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும் என்று சொல்லித் தன் போனை நீட்டினான். அவள் லாய்டை அழைத்தாள்.

லாய்ட் எடுத்தான். பின்னால் இயந்திரச் சத்தம். அவள் விஷயத்தைச் சொன்னாள். உன் போனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், படித்துச் சொல்லு என்றாள்.

அவன் தள்ளி வந்தான் போல, இயந்திரச் சத்தம் குறைந்தது.

“யார் பேசறது?” என்றான் லாய்ட்.

“நான்தான். ஃப்ளோரா.”

“இது ஃப்ளோரா நம்பர் இல்ல.”

“எனக்கு எங்க நம்பர் கீது? அதுக்குத்தான் இங்க வந்து நின்னுகினு இருக்கேன்.”

“குரல் அப்படியே கீது,” என்றான் லாய்ட் மெதுவாக, யாரிடமோ சொல்வது போல. போன் துண்டிக்கப்பட்டது.

ஃப்ளோராவுக்கு உடனே புரிந்துவிட்டது. லாய்ட் சபைச் செயலாளர். ஆராதனை முடிந்ததும் அறிவிப்புகளைப் படிப்பவன் அவன்தான். காவல் நிலையத்திலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை நான்கு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து படித்திருந்தான். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், இப்போது குரலையே போலியாகச் செய்கிறார்கள், நம் வீட்டு ஆள் குரலில் கேட்டாலும் சொல்லாதீர்கள். கடைசி வரியை இரண்டு முறை படிப்பான். நான்காவது வாரம் தாளைப் பார்க்காமலே சொன்னான்.

மறுபடி அழைத்தாள். இந்த முறை அவன் எடுத்ததும் ஒரு கேள்வி கேட்டான். நீ என் மனைவி என்றால் போன ஞாயிறு நான் வாசித்த வேதபாடம் எது, சொல். ஃப்ளோரா அன்று ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பன் கொடுத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தாள். தெரியாது என்றாள். அதற்கப்புறம் அந்த எண்ணிலிருந்து அழைப்பு போகவே இல்லை. விநாயக் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, பிளாக் பண்ணிட்டார் என்றான். கடையில் இருந்த இன்னொரு போனிலிருந்து அவனே அழைத்து, சார் நான் சிம் கடையிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கினான். அது நான்கு நொடி நீடித்தது. அந்த எண்ணும் போயிற்று.

“நல்ல மனுஷன் அக்கா,” என்றான் விநாயக். “இந்த மாதிரி எல்லாரும் இருந்தா திருடனுங்க பொழப்பு நடக்காது.”

பத்து நிமிடம் முடிந்தது. ஓடிபி காலாவதி ஆனது. ஃப்ளோரா ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் இரண்டு இருபது என்றது. இன்று மணி அடிக்காவிட்டால் ஐந்தாவது வரி இல்லாமல் விளம்பரம் வரும். அல்லது ஜெயகரன் போன வருடத்து எண்ணையே போட்டுவிடுவார். மறுபடி லாய்ட், மறுபடி சரி சரி, மறுபடி வாசலில் யாராவது.

வேறு யார் எண்ணாவது சொல்லுங்கள் என்றான் விநாயக். பக்கத்து வீடு, தங்கை, யாராவது. எல்லார் எண்ணும் லாய்டின் போனுக்குள் இருந்தது.

கதவருகே நின்ற பெண் இன்னும் போகவில்லை. சார்ஜர் மாற்ற வந்தவள். ஃப்ளோரா அவளை அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். மரியகுழந்தை. ஊரிகத்தில் இரண்டு லைன் வீட்டு வரிசை தள்ளிக் குடியிருப்பவள். மாதா கோயில் குடும்பம். தண்ணீர் வண்டி வரும்போது குடத்தோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். பேசிக்கொள்வது அவ்வளவாக இல்லை. ஃப்ளோரா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபத்தைந்து ஆயிற்று.

“அக்கா,” என்றாள் கடைசியில். “உங்க நம்பரைக் கொடுக்க முடியுமா?”

மரியகுழந்தை போனை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அவர்கள் கோயிலிலும் ஃபாதர் சொல்லியிருக்கிறாராம். ஓடிபி கேட்டால் கொடுக்காதே என்று. இதில் கொடுத்தால் வங்கிக் காசு போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை.

விநாயக் ஏதோ சொல்ல வந்தான். ஃப்ளோரா அவனை நிறுத்தினாள்.

“யாருக்கும் சொல்ல வேணாம் அக்கா. மெசேஜ் வரட்டும். முழுசா நீங்களே படிங்க. எதுக்குன்னு அதுலயே எழுதியிருக்கும். வேற இன்னாவாவது போட்டிருந்தா அழிச்சிட்டுப் போய்க்கினே இருங்க. சரியா இருந்தா நீங்களே உங்க கையால அதுல அடிங்க.”

மரியகுழந்தை யோசித்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விநாயக் மாற்று எண்ணை மாற்றினான். யாருடைய எண் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டு, தெரிந்தவர் என்று குறித்தான்.

செய்தி வந்தது. மரியகுழந்தை அதை எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தாள். பிறகு வாய்விட்டு ஒருமுறை படித்தாள். புதிய இணைப்புக்கான விண்ணப்பம், விண்ணப்ப எண் இன்னது, ஒப்புதல் தரக் கடையில் இந்த எண்ணைப் பதியவும் என்ற பொருளில் இருந்தது. வங்கி என்ற சொல் எங்கேயும் இல்லை. மேலும் கீழும் தள்ளி இன்னொரு முறை தேடினாள். பிறகு விநாயக்கின் போனை வாங்கி, ஒற்றை விரலால் ஆறு இலக்கத்தையும் தானே அடித்தாள். அடித்ததும் தன் போனிலிருந்த செய்தியை அழித்துவிட்டாள்.

அதன்பின் விநாயக்கின் எண்ணுக்கு ஓர் ஓடிபி வந்தது. ஆளை நேரில் பார்த்தேன், ஒரிஜினலைப் பார்த்தேன் என்று கடைக்காரன் தரும் உறுதி அது. அவனும் அடித்தான். முதல் ரீசார்ஜுக்குப் பணம் வாங்கிக்கொண்டான். விண்ணப்பம் போனபோது மணி இரண்டு நாற்பது.

“இப்போ போன்ல போடலாமா?”

“போடலாம். ஆனா சும்மாதான் கெடக்கும். அங்க ஆளுங்க படத்தையும் கார்டையும் ஒத்துப் பார்ப்பாங்க. சிக்னல் வந்ததும் வெரிஃபிகேஷன் நம்பருக்கு நீங்க ஒரு போன் போடணும். அப்புறம்தான் வேலை செய்யும்.”

எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அரை மணியிலும் வரும், இரண்டு மணி நேரமும் ஆகும், சில நாள் மறுநாளும் ஆகும் என்றான். மறுநாள் என்ற சொல்லை அவள் கேட்காதது போல இருந்துவிட்டாள்.

மரியகுழந்தை சார்ஜரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கிளம்பும்போது, பிளம் கேக்கில் முட்டை போடாமல் செய்வாயா என்று கேட்டாள். செய்வேன் என்றாள் ஃப்ளோரா.

அவள் சிம் உறையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு நடந்தாள். ஜெயகரன் மேசையில் பக்கங்கள் பரப்பியிருந்தார். எண்ணைப் பார்த்ததும் தன் போனை எடுத்து அடித்தார். சேவையில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு அவளுக்கும் கேட்க வைத்தார்.

“இன்னும் உயிர் வரலம்மா.”

“வந்துரும் அங்கிள். அஞ்சுக்குள்ள வந்துரும்.”

“வந்தா போடறேன். அஞ்சுக்கு மிஷின் ஓட்டணும், நோயல் அதுக்குன்னே வந்து உக்காந்துக்கினு இருக்கான்.”

உள்ளே நோயல் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அச்சு இயந்திரம் ஓட்டுபவன். அவளுக்கும் ஒரு டீ சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

கடையில் மறுபடி ஸ்டூல். பையில் கொண்டுவந்திருந்த பழைய போனில் விநாயக் சிம்மைப் போட்டுக் கொடுத்தான். அதன் மேல் மூலையில் சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை. போனை அணைத்துப் போட்டாள். மூன்றே முக்கால். இன்னொரு முறை அணைத்துப் போட்டாள். விநாயக் பார்த்துவிட்டு, அதைச் சும்மா விடுங்க அக்கா, அடுப்புல வச்ச பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்த்தா வெந்துருமா என்றான். அது அவளுக்குப் புரிகிற பேச்சு. கேக் வேகும்போது யாரையும் ஓவனைத் திறக்கவே விடமாட்டாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

கடைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு கல்லூரிப் பெண் போன் திரைக்கு டெம்பர் கண்ணாடி ஒட்டிக்கொண்டாள். ஒருவர் கவர் வாங்க வந்து அரை மணி நேரம் நிறம் பார்த்தார். கூட்டம் இல்லாதபோது விநாயக் காலண்டரைப் பழையபடி திருப்பி மாட்டினான். ஃப்ளோரா டிசம்பருக்கு வேண்டிய மைதா, வெண்ணெய், திராட்சை எல்லாவற்றையும் மனதுக்குள் அளந்து பார்த்தாள். வீட்டில் யாரும் கூப்பிடாத, யாருக்கும் பரிமாறாத மதியம் ஒன்று அவளுக்குக் கிடைத்து ரொம்ப நாளாயிற்று. மடியில் போன் இல்லாவிட்டால் அது நல்ல மதியம்தான் என்று நினைத்தாள்.

நான்கு இருபத்து இரண்டுக்கு போனைத் திருப்பினாள். பெருக்கல் குறியைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கோடுகள். நான்காவது வரலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது.

அவள் உடனே எழுந்தாள். விநாயக் உட்காரச் சொன்னான். சிக்னல் வந்ததே என்றாள். எல்லாரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், கோடு வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மறுநாள் வந்து என்னைத் திட்டுகிறார்கள் என்றான். சரிபார்ப்புக்கான எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். ஐந்தே இலக்கம்.

அவள் அடித்தாள். பதிவு செய்த குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தமிழ் வரும்வரை காத்திருந்து அமுக்கினாள். புதிய இணைப்புக்கு நீங்கள் கொடுத்த அடையாள அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களை அமுக்கவும் என்றது குரல். பையிலிருந்து கார்டை எடுத்தாள். ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து அமுக்கினாள். குரல் நன்றி சொன்னது. சரிபார்ப்பு முடிந்தது, சற்று நேரத்தில் சேவை தொடங்கும் என்றது. அந்தப் பதிவுக் குரலுக்கு ஃப்ளோரா, சரிங்க, என்று பதில் சொன்னாள்.

சற்று நேரம் என்றால் எவ்வளவு என்று விநாயக்கிடம் கேட்கவில்லை. அவனிடம் சொல்லிக்கொண்டு அச்சகத்தை நோக்கி நடந்தாள். போனைக் கையில் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள், தளும்பும் குழம்பைக் கொண்டு போவது போல.

அச்சகத்துக்குள் நுழைந்தபோது நான்கு ஐம்பது. நோயல் எழுந்து கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். ஜெயகரன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். போனை எடுத்தார். எண்ணைத் தாளில் பார்த்துப் பார்த்து அடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். மறுபடி அடித்தார்.

ஃப்ளோராவின் கையில் ஒரு சேவல் கூவியது. லாய்ட் என்றைக்கோ வைத்திருந்த மணியோசை. நோயல் சிரித்துவிட்டான். ஃப்ளோரா எடுக்கப் போனாள்.

“எடுக்காதம்மா,” என்றார் ஜெயகரன். “முழுசா அடிக்கட்டும்.”

சேவல் கூவிக்கொண்டே இருந்தது. தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஜெயகரன் கடைசிவரை கேட்டார். பிறகு பேனாவை எடுத்து ஐந்தாவது வரியில் எண்ணை எழுதினார். பக்கத்தில் ஒரு டிக் போட்டார். தாளை நோயலிடம் கொடுத்தார்.

லாய்டின் ரயில் வழக்கம்போல ஏழரைக்கு வந்தது. முகம் கழுவி உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தான். இன்றைக்கு என்னையே ஏமாற்றப் பார்த்தார்கள், உன் குரலில். குரல் மட்டும் இல்லை, எரிந்து விழுவது கூட அப்படியே இருந்தது. எப்படித்தான் செய்கிறார்களோ. நான் ஒரு கேள்விதான் கேட்டேன், ஆள் மாட்டிக்கொண்டது. இரண்டு நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இதைச் சபையில் சொல்லப் போகிறேன்.

ஃப்ளோரா அவனைச் சொல்லி முடிக்க விட்டாள். டீயை வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், விரல் ரேகையிலிருந்து. லாய்ட் டீயைக் குடிக்காமல் கேட்டான். மரியகுழந்தை செய்தியை மூன்று முறை படித்த இடம் வந்தபோது, அதுதான் சரியான முறை, அப்படித்தான் செய்யணும் என்றான். சொன்ன பிறகுதான் டீயைக் கையில் எடுத்தான்.

“ஞாயித்துக்கிழமை அதைச் சொல்லு,” என்றாள் ஃப்ளோரா. “முழுசா படிச்சுப் பார்க்கணும்னு. வெறும்னே சொல்லாதீங்க சொல்லாதீங்கன்னா, ஆளுங்க பயப்படத்தான் செய்வாங்க.”

சரி என்றான். பேனாவைத் தேடி அறிவிப்புத் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டான். பிறகு தன் போனை எடுத்து அவள் எண்ணைக் கேட்டான். அவள் பார்க்காமலே சொன்னாள். அடித்துக்கொண்டான். பெயர் போடும் இடத்தில் விரல் நின்றது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் பெயரைத் தன் போனில் எழுத வேண்டிய தேவை வந்ததில்லை.

“இன்னான்னு போடட்டும்?”

“ஃப்ளோரான்னு போடு. பின்ன இன்னா போடுவ?”

போட்டான். அவள் மாவு டப்பாவை இறக்கினாள். மரியகுழந்தை கேட்ட முட்டையில்லாத கேக்குக்கு, முதலில் சின்னதாக ஒன்று செய்து பார்க்க வேண்டும்.